மெஷின் போட்ட தமிழ் சப்டைட்டிலைச் சரிபார்ப்பது: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

மெஷின் மொழிபெயர்த்த சப்டைட்டில் கோப்பு கையில் வந்தால், முதல் வரியிலிருந்து திருத்தத் தொடங்கிவிடாதீர்கள். இருநூறாவது வரிக்குப் போகும்போது, ஐம்பதாவது வரியில் அந்தப் பெண்ணின் பெயரை எப்படி எழுதினோம், அவள் மேலதிகாரியை 'நீங்கள்' என்றாளா 'நீ' என்றாளா என்பதெல்லாம் மறந்துபோயிருக்கும். பெயர், மரியாதை, மரபுத்தொடர் மூன்றிலும் வரும் பிழைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. மெஷின், திரையில் ஒருமுறை வந்து மறையும் ஒவ்வொரு துண்டையும் தனியாகவோ, அக்கம்பக்கத்தில் சில துண்டுகளோடு மட்டுமோ பார்க்கிறது. யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், முகத்தில் என்ன இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும், படம் உங்கள் முன்னால் ஓடுகிறது.

அதனால் முதலில் ஒரு தாள். இடது பக்கம் பாத்திரங்களின் பெயர்கள், தமிழில் எழுதப்போகும் வடிவத்தோடு. வலது பக்கம் யார் யாரை நீ என்கிறார், யார் யாரை நீங்கள் என்கிறார் என்ற குறிப்பு. படத்தை ஒருமுறை நிறுத்தாமல் பார்த்தாலே இந்தத் தாள் முக்கால்வாசி நிரம்பிவிடும். மூலக் கோப்பையும் தமிழ்க் கோப்பையும் பக்கம்பக்கமாகத் திறந்துவையுங்கள். சப்டைட்டில் எடிட் போன்ற மென்பொருளில் இரண்டையும் ஒரே திரையில் பார்க்கலாம். இரண்டிலும் துண்டுகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரு துண்டு விடுபட்டிருந்தால் அதற்குப் பின்னால் எல்லாமே தள்ளிப்போய், நல்ல மொழிபெயர்ப்புகூடப் பிழைபோலத் தெரியும்.

இந்த மூன்று துண்டுகளை எடுத்துக்கொள்வோம். இது நானே எழுதிய காட்சி, ஆனால் இதே மாதிரி வரிகளைத்தான் வாராவாரம் பார்க்கிறேன்.

```
112
00:09:41,200 --> 00:09:43,000
Will, don't tell me you got cold feet.

113
00:09:43,300 --> 00:09:44,900
Easy, Grace. I'm coming, aren't I?

114
00:09:45,400 --> 00:09:47,600
Doctor Hale asked about you. He's worried.
```

மெஷினிடமிருந்து வருவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
112
விருப்பம், உங்களுக்குக் குளிர்ந்த பாதங்கள்
இருப்பதாகச் சொல்லாதீர்கள்.

113
எளிதானது, கருணை. நான் வருகிறேன், இல்லையா?

114
டாக்டர் ஹேல் உன்னைப் பற்றிக் கேட்டான்.
அவர் கவலைப்படுகிறார்.
```

ஆறரை நொடிக்குள் மூன்று வகைப் பிழையும் வந்துவிட்டன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அறிகுறி: ஆள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொருளோ குணமோ நிற்கிறது

'விருப்பம்' என்று யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. பெயராகவும் சாதாரணச் சொல்லாகவும் இருக்கக்கூடிய சொற்களில் இது நடக்கும். வில் விருப்பமாகிறான், கிரேஸ் கருணையாகிறாள், மார்க் குறியாகவும், பில் ரசீதாகவும், ஜாய் மகிழ்ச்சியாகவும் மாறிவிடுகிறார்கள். ஃபிராங்க் 'வெளிப்படையாக' என்று ஆகிவிடுவார். ஆங்கிலத்தில் பெயரின் முதல் எழுத்து பெரிய எழுத்தாக இருக்குமே, அது போதாதா என்று கேட்கலாம். வாக்கியத்தின் முதல் சொல் எதுவானாலும் பெரிய எழுத்தில்தான் தொடங்கும். சப்டைட்டிலில் ஒருவரைப் பெயர் சொல்லி அழைப்பது பெரும்பாலும் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வருகிறது. அதனால்தான் இந்தப் பிழை அழைக்கும் இடங்களில் குவிந்திருக்கும், நடுவாக்கியத்தில் குறைவாக இருக்கும்.

பிடிக்கும் வழி எளிது. தாளில் உள்ள ஒவ்வொரு பெயரையும் மூலக் கோப்பில் தேடி எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணுங்கள். தமிழ்க் கோப்பிலும் அதே பெயரை எண்ணுங்கள். மூலத்தில் 60, தமிழில் 41 என்றால், மீதி 19 இடங்களில் பெயர் வேறு ஏதோவாக மாறியிருக்கிறது, அல்லது தமிழ் வாக்கியத்துக்குத் தேவையில்லாமல் விழுந்திருக்கிறது. போய்ப் பாருங்கள். எண்ணிக்கை ஒத்துப்போனாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. வில் போன்ற பெயர் மூலத்தில் துணைவினையாகவும் வரும், அதையும் சேர்த்து எண்ணியிருப்பீர்கள்.

இந்தத் தேடலில் தமிழுக்கே உரிய ஒரு பள்ளம் உண்டு. 'வில்' என்று தேடினால் வில் என்ற ஆள் மட்டும் கிடைக்கமாட்டான். இரவில், முடிவில், வாழ்வில், வில்லன் எல்லாம் சேர்ந்து வரும். ஏழாம் வேற்றுமை உருபு அப்படியே பெயரின் உருவத்தில் உட்கார்ந்திருக்கிறது. குழப்பம் வேண்டாமே என்று 'வில்' எல்லாவற்றையும் 'வில்லியம்' ஆக மாற்று என்று ஒரே சொடுக்கில் சொல்லிவிட்டால், 'இரவில் வருகிறேன்' என்பது 'இரவில்லியம் வருகிறேன்' ஆகும். பெயர்களுக்கு 'அனைத்தையும் மாற்று' பொத்தானைத் தொடாதீர்கள். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள், ஒரு படத்துக்கு அரை மணி நேரம்தான் கூடுதலாக ஆகும்.

வேற்றுமை உருபு சேரும்போதும் பெயர் தடுமாறும். 'வில்லைப் பார்த்தாயா?' என்றால் ஆளைக் கேட்கிறார்களா, வில் அம்பைக் கேட்கிறார்களா என்று படிப்பவர் ஒரு கணம் நிற்பார். அந்த ஒரு கணத்தில் துண்டு மறைந்துவிடும். 'வில் எங்கே?' என்று எழுதிவிட்டால் உருபே தேவையில்லை.

அறிகுறி: ஒரே ஆளுக்கு மூன்று எழுத்துக்கூட்டல்

ஷான் என்று ஒலிக்கும் ஐரிஷ் பெயர் ஒரு துண்டில் சீன், இன்னொன்றில் ஷான், வேறொன்றில் சியான். மெஷின் எழுத்தைப் பார்த்து எழுதுகிறது, நீங்கள் காதால் கேட்டு எழுதுங்கள். படத்தில் மற்றவர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அதுதான் சரி. ஸ்பானியப் படத்தின் ஹோசே, ஆங்கில வழியாக வந்ததால் ஜோஸ் ஆகியிருப்பதும் இப்படித்தான் தெரியவரும்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தும் தேடலில் அகப்படாத பெயர்களும் உண்டு. 'ஸ்ரீ' என்பதை யூனிகோடில் ஸ வைத்தும் எழுதலாம், ஶ வைத்தும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும், தேடும் கருவிக்கோ அவை வேறு வேறு. ஸ்ரீதர் பன்னிரண்டு இடத்தில்தான் கிடைக்கிறார், ஆனால் படம் முழுக்க இருக்கிறார் என்றால் இதைச் சந்தேகியுங்கள்.

அறிகுறி: ஒரே உரையாடலுக்குள் நீயும் நீங்களும் மாறி மாறி வருகின்றன

மேலே உள்ள காட்சியில் கிரேஸ் 112-இல் வில்லை 'உங்களுக்கு' என்கிறாள், 114-இல் 'உன்னை' என்கிறாள். நான்கு நொடிதான் இடைவெளி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் மெஷின் ஊகிக்கிறது, ஊகம் துண்டுக்குத் துண்டு மாறுகிறது. சந்தேகம் வந்தால் பெரும்பாலும் 'நீங்கள்' பக்கம் சாயும். அதனால்தான் தாய் நாலு வயதுப் பிள்ளையை 'நீங்கள் சாப்பிட்டீர்களா' என்பாள், காவலர் ஓடும் திருடனைப் பார்த்து 'நில்லுங்கள்' என்பார், ஒருவர் தன் நாய்க்குட்டியிடம் மரியாதையாகப் பேசுவார். பிரார்த்தனைக் காட்சியையும் மறக்காமல் பாருங்கள். 'கடவுளே, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்' என்று தமிழில் யாரும் அழமாட்டார்கள். கடவுள் நமக்கு 'நீ'தான்.

தேடிப் பிடிப்பதற்குத் தமிழ் எழுத்தே ஓர் உதவி செய்கிறது. உ, அ போன்ற உயிரெழுத்துகள் தனி வடிவில் சொல்லின் தொடக்கத்தில்தான் வரும். ஆகவே 'உன்' என்று தேடினால் 'முன்', 'பின்' எதுவும் குறுக்கே வராது. உன்னை, உன்னிடம், உனது, உனக்கு போன்ற சொற்களில் முதல் இரண்டும் வந்துவிடும், 'உனது', 'உனக்கு' இரண்டிலும் 'ன்' என்ற மெய்யெழுத்து இல்லாததால் தனியாகத் தேட வேண்டும்.

```
grep -nE "உன்|உன(து|க்கு)" ta.srt
grep -nE "உங்க|நீங்கள" ta.srt
grep -nE "(றீ|தீ|வீ|னீ|பீ|டீ)ர்கள" ta.srt
```

grep என்பது டெர்மினலில் ஓடும் தேடல் கட்டளை, ta.srt என்பது உங்கள் தமிழ்க் கோப்பு. முதல் கட்டளை நீ பக்கத்தையும், இரண்டாவது நீங்கள் பக்கத்தையும், மூன்றாவது 'வருகிறீர்கள், வந்தீர்கள், கேட்பீர்கள்' போன்ற வினைகளையும் வரி எண்ணோடு காட்டும். மூன்று பட்டியலையும் தாளோடு வைத்துப் பாருங்கள். நீ என்று பேசவேண்டிய இருவரின் காட்சி இரண்டாவது, மூன்றாவது பட்டியல்களில் தலைகாட்டினால் அங்கே பிழை இருக்கிறது. 'நீ' என்ற எழுத்தை மட்டும் தேடுவது வீண்வேலை. நீர், நீதி, நீண்ட, அநீதி எல்லாம் வந்து குவியும்.

கட்டளைகளுக்கு அகப்படாமல் தப்புவது ஏவல் வினை. தமிழில் நீ, நீங்கள் என்று சொல்லாமலே பேசிவிடலாம். 'வா', 'உட்காருங்கள்', 'கொடு' என்ற ஒற்றைச் சொல்லிலேயே மரியாதை இருக்கிறது. அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று, 'நீங்கள்' என்பதை 'நீ' ஆக்கினால் வேலை முடியாது. அந்த வாக்கியத்தின் வினைமுற்றும், சிலசமயம் அடுத்த துண்டில் இருக்கும் வினைமுற்றும் சேர்ந்து மாற வேண்டும். 'நீ ஏன் சொல்லவில்லை? பயந்துவிட்டீர்களா?' என்று பாதி திருத்தி விட்ட வரி, திருத்தாத வரியைவிட மோசம்.

எது சரியான மரியாதை என்று எப்படித் தீர்மானிப்பது? மூலம் ஆங்கிலப் படம் என்றால் உறவையும் காட்சியையும் பார்த்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் மெஷின் தமிழ் சப்டைட்டில் பல நேரம் ஆங்கிலத்தைக் கைமாறி வருகிறது. படம் இந்தியிலோ பிரெஞ்சிலோ கொரியனிலோ இருக்கும், மெஷின் பார்த்தது அதன் ஆங்கில சப்டைட்டிலை. அந்த மொழிகளில் மரியாதை வித்தியாசம் இருக்கிறது. ஆங்கிலத்துக்குப் போனபோது அது அழிந்துவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர ஒலியைக் கேளுங்கள். இந்தி முழுவதும் தெரிய வேண்டியதில்லை, 'ஆப்' என்கிறாரா, 'தும்' என்கிறாரா, 'தூ' என்கிறாரா என்பது காதில் விழுந்தால் போதும். பிரெஞ்சில் 'வூ', 'தூ'. ஒலியை நிறுத்திவிட்டுக் கோப்பை மட்டும் திருத்துகிறவர்கள் இழப்பது இதைத்தான். என் பார்வையில் இந்த வேலையில் மிகப் பெரிய இழப்பு அதுவே.

பிழை போலத் தெரிந்தும் பிழையாக இல்லாதவை இரண்டு உண்டு, அவற்றைத் திருத்திவிடாதீர்கள். முகத்துக்கு நேரே 'நீங்கள்' என்று பேசி, அவர் போன பிறகு 'அவன் ஒரு அயோக்கியன்' என்பது மனித இயல்பு. அதேபோல் படத்தின் பாதியில் இருவர் 'நீங்கள்' என்பதிலிருந்து 'நீ' என்பதற்கு இறங்குவார்கள், நெருக்கத்திலோ சண்டையிலோ. ஆங்கிலத்தில் அதற்குத் தனிச் சொல் இல்லாவிட்டாலும் காட்சியில் அந்தத் திருப்பம் இருக்கும். எந்தத் துண்டில் மாறுகிறது என்று தாளில் எண்ணோடு குறித்துவையுங்கள், அதற்கு முன்னால் ஒரு 'நீ'கூடக் கசியக் கூடாது.

அறிகுறி: எழுவாய்க்கும் வினைக்கும் மரியாதை ஒட்டவில்லை

114-ஐப் பாருங்கள். டாக்டர் ஹேல் 'கேட்டான்', அடுத்த வாக்கியத்தில் அவரே 'அவர்'. இது வாசிக்கும்போதே உறுத்தும், சுலபமாகக் கிடைக்கும். உறுத்தாமல் ஒளிந்திருப்பது வேறு. ஆண் மேலதிகாரி 'அவர்' என்றும் பெண் மேலதிகாரி 'அவள்' என்றும் வருவது. இலக்கணப்படி இரண்டு வரியும் சரிதான், அதனால் கண் தாண்டிப் போய்விடும். 'அவள்' என்று தேடி, வரும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கேள்வி கேளுங்கள்: இதே பதவியில் ஓர் ஆண் இருந்திருந்தால், பேசுபவர் 'அவன்' என்றிருப்பாரா? இல்லை என்றால் 'அவர்' என்று மாற்றுங்கள். நீதிபதி, மருத்துவர், தலைமையாசிரியர் எல்லாம் பெண்ணாக இருக்கும் படங்களில் இந்தத் தேடலை நான் ஒருநாளும் விட்டதில்லை.

அழைக்கும் சொற்களில் சிலவற்றை அப்படியே ஒரு பட்டியலாக மனதில் வைத்துக்கொள்ளலாம். நீதிமன்றத்தில் 'உங்கள் மரியாதை' என்று வந்தால் அது 'கனம் நீதிபதி அவர்களே'. 'திரு. ஜனாதிபதி' என்றால் 'ஜனாதிபதி அவர்களே'. நேரில் பார்த்து யாரும் 'திரு. ஹேல், உட்காருங்கள்' என்று சொல்வதில்லை. 'மிஸ்டர் ஹேல்' அல்லது 'ஹேல் சார்' என்று எழுதுங்கள். தேவாலயக் காட்சியில் 'அப்பா' வந்தால் அது பாதிரியார், 'ஃபாதர்' என்றே விட்டுவிடலாம். மருத்துவமனையில் வரும் 'சகோதரி' பெரும்பாலும் செவிலியரை 'சிஸ்டர்' என்று கூப்பிட்டதாக இருக்கும்.

உறவுச் சொற்களில் நிதானம் வேண்டும். பிரதர் என்றால் அண்ணனா தம்பியா, அங்கிள் என்றால் மாமாவா சித்தப்பாவா பெரியப்பாவா என்று ஆங்கிலம் சொல்லாது, மெஷின் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். தொடர் என்றால் எல்லா அத்தியாயங்களையும் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு தொடரில் முதல் ஐந்து அத்தியாயங்களில் 'அண்ணன்' என்று திருத்தி அனுப்பிவிட்டேன். ஆறாவதில் அவன் பிறந்தநாள் வந்தது, இரண்டு வயது இளையவன். ஐந்து கோப்புகளையும் திரும்பத் திறக்க வேண்டியதாயிற்று. கதையில் எங்குமே துப்புக் கிடைக்காவிட்டால் உறவுச் சொல்லை விட்டுவிட்டு அவன் பெயரைப் போடுங்கள், வாக்கியம் பெரும்பாலும் தாங்கும்.

அறிகுறி: வாக்கியம் இலக்கணமாக இருக்கிறது, ஆனால் எதிரில் இருப்பவரின் பதில் பொருந்தவில்லை

இது மரபுத்தொடரின் அடையாளம். 112-இல் 'குளிர்ந்த பாதங்கள்' என்று கேட்டதற்கு, 113-இல் அவன் 'நான் வருகிறேன்' என்கிறான். பாதத்துக்கும் வருவதற்கும் என்ன சம்பந்தம்? கோல்ட் ஃபீட் என்றால் கடைசி நேரத்தில் பயந்து பின்வாங்குவது. காரணமே இல்லாமல் பேச்சில் ஓர் உடலுறுப்போ விலங்கோ சமையல் பொருளோ வந்து நின்றால் அங்கே நிறுத்துங்கள். மேடையேறப் போகிறவரிடம் 'காலை உடைத்துக்கொள்' என்று தோழி சிரித்துக்கொண்டே சொன்னால், அது வாழ்த்து. பிரேக் எ லெக்.

உடலுறுப்பு எதுவும் வராத சின்னச் சொற்கள்தான் அதிகம் ஏமாற்றும். இழவு வீட்டில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு 'மன்னிக்கவும்' என்கிறார். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை, ஐ ஆம் ஸாரி என்று துக்கம் சொல்கிறார். 'கேட்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது' என்று எழுதுங்கள். 'ஓ பையன்' என்பது 'அடடா'. 'பிடித்துக்கொள்' என்று ஒருவர் சொல்லும்போது அவர் கையில் தொலைபேசி இருந்தால் 'ஒரு நிமிஷம்'. 113-இன் 'எளிதானது' என்பதும் இந்த வகைதான். அவளை அமைதிப்படுத்த 'பதறாதே' என்கிறான்.

எப்படித் திருத்துவது என்பதில் எனக்கு ஒரு கொள்கை உண்டு. தமிழ் மரபுத்தொடர் தானாக வாயில் வந்தால் போடுங்கள், தேடிப்போய்ப் பழமொழி கொண்டுவந்து ஒட்டாதீர்கள். பனி விழும் ஊரில் நடக்கும் படத்தில் ஒருவர் திடீரென்று வேலிக்கும் ஓணானுக்கும் உவமை சொன்னால் பார்ப்பவர் படத்தை விட்டு வெளியே வந்துவிடுவார். பொருளை நேராகச் சொல்லும் ஒரு சாதாரண வாக்கியம் போதும். நேரமும் அதற்குத்தான் இடம் தரும்: 112 திரையில் நிற்பது 1.8 நொடி.

```
112
என்ன வில், பயம் வந்துவிட்டதா?

113
பதறாதே கிரேஸ். அதான் வருகிறேனே!

114
டாக்டர் ஹேல் உன்னைப் பற்றிக் கேட்டார்.
அவருக்கு ஒரே கவலை.
```

மூலத்தின் 'இல்லையா?' 113-இல் 'அதான்... வருகிறேனே' என்ற ஏகாரத்துக்குள் போய்விட்டது. 114-இல் நீ என்று பேசும் தோழி, மருத்துவரை 'கேட்டார்' என்கிறாள். இரண்டும் ஒரே வரியில் சரியாக இருக்கின்றன.

ஒரு விதிவிலக்கை மட்டும் கவனியுங்கள். வில் அடுத்த நொடியே குனிந்து தன் வெறும் காலைப் பார்த்துச் சிரித்தான் என்றால், அந்த மரபுத்தொடர் படத்தில் நகைச்சுவையாகிவிட்டது. பாதத்தை எடுத்துவிட்டால் சிரிப்புக்குக் காரணம் இருக்காது. அப்போது 'கால் நடுங்குகிறதா?' என்று எழுதலாம். பயமும் இருக்கிறது, காலும் இருக்கிறது. அதே தொடர் படத்தின் முடிவில் திரும்ப வருகிறதா என்று மூலக் கோப்பில் தேடுங்கள். 640-ஆவது துண்டில் வில் அதே வார்த்தையை கிரேஸிடம் திருப்பிக் கேட்டால், அங்கேயும் 'கால் நடுங்குகிறதா?' என்றேதான் இருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகு ஒலியோடு ஒருமுறை, கையைக் கட்டிக்கொண்டு, நிறுத்தாமல் பாருங்கள். கண் எங்கே இடறுகிறதோ அந்த நேரத்தை மட்டும் தாளில் எழுதுங்கள், உடனே திருத்தாதீர்கள். நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் ஒவ்வொரு வரியையும் படிக்கப் போதுமான நேரம் உங்களுக்கு மட்டும் கிடைத்துவிடும். அப்புறம் குறித்த இடங்களுக்குத் திரும்பிப் போங்கள். எனக்கு அந்தப் பட்டியலில் கடைசியாக எஞ்சுவது பெரும்பாலும் பாதியில் திருத்திய நீ, நீங்கள் வரிகள்தான்.